நூறு இலட்சம் ஓடி கேட்பதா, பிரித்துக் கேட்பதா: ஒரு கொட்டாஞ்சேனைக் கடையின் கணக்கு

கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு ஹாட்வெயார் கடைக்கு நான் சில வருடங்களாகக் கணக்கு எழுதி வருகிறேன். பெயின்ற், பிவிசி குழாய், தண்ணீர்க் குழாய்ப் பொருட்கள், வயர், பூட்டு, கொஞ்சம் சீமெந்து, இவைதான் வியாபாரம். சரக்கில் பெரும்பகுதி பழைய சோனகத் தெருவிலிருந்து வருகிறது. ஜனவரி மாதம் ஒரு நாள் கடை முதலாளி அரைப்பக்கக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வங்கிக் கிளை முகாமையாளருக்கு அவரே எழுதியது. கணக்கில் உள்ளதற்கு மேல் எடுக்க வங்கி விடும் மேலதிகப்பற்றை, அதாவது ஓடியை, இப்போதுள்ள 40 இலட்ச எல்லையிலிருந்து 100 இலட்சமாக உயர்த்தித் தரும்படி கேட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: வியாபார விருத்திக்கு.

"சரக்கே நூற்றித் தொண்ணூறு இலட்சத்துக்கு நிக்குது. வருசம் ஏழு கோடிக்கு மேல ஓடுது. நூறு கேட்டா என்ன குறை?" என்றார்.

குறை இருக்கிறது. அதைச் சொன்னால் போதாது, கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அந்தக் கிழமை முழுவதும் இருந்து மூன்று வழிகளையும் எழுதிப் பார்த்தோம். முழுத் தொகையையும் ஓடியாகக் கேட்பது ஒன்று. ஓடியைக் கொஞ்சம் உயர்த்தி, மற்றதைத் தவணைக் கடனாகவும் லீசிங்காகவும் பிரித்துக் கேட்பது இன்னொன்று. எல்லையைத் தொடாமல் பண்டிகைக் காலத்துக்கு மட்டும் தற்காலிக ஓடி எடுத்து, மீதியைச் சரக்குக் கொடுப்பவர்களின் கடனில் சமாளிப்பது மூன்றாவது. இதே நிலையில் இருக்கும் கடைக்காரர்களுக்குப் பயன்படட்டும் என்று அந்தக் கணக்கை இங்கே தருகிறேன். கடை அடையாளம் தெரியாதபடி தொகைகளைச் சற்று மாற்றியிருக்கிறேன். ஒன்றுக்கொன்று உள்ள பொருத்தம் மாறவில்லை.

முதலில் விற்பனை. முதலாளி சொன்ன ஏழு கோடி என்பது பன்னிரண்டு மாதப் பில்களின் கூட்டுத்தொகை, 708 இலட்சம். அதற்குள் 18 சதவீத வற் வரி இருக்கிறது. வரி கல்லாப்பெட்டி வழியாக வந்து போகிற காசு, கடைக்குச் சொந்தமில்லை. 708ஐ 1.18ஆல் பிரித்தால் 600 இலட்சம் வரும். அதுதான் உண்மையான விற்பனை, மாதம் 50 இலட்சம். இதைச் சின்னத் திருத்தம் என்று எண்ண வேண்டாம். சரக்கை வரி இல்லாத விலையில் எழுதிவிட்டு விற்பனையை வரியோடு எழுதினால், இலாபம் உண்மையில் உள்ளதைவிடப் பெருத்துத் தெரியும். வங்கியில் கடன் மனுவைப் பார்க்கும் உத்தியோகத்தர் வற் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பார். அங்கே 600 என்று இருக்க, மனுவில் 708 என்று இருந்தால் அடுத்த பக்கத்தை அவர் சந்தேகத்தோடுதான் திருப்புவார்.

இன்னொரு இடைவெளியும் இருந்தது. அந்த ஒரு வருடத்தில் வங்கிக் கணக்கில் விழுந்த வரவு 430 இலட்சம் மட்டும். மற்றதெல்லாம் கல்லாவிலிருந்தே காசாக வெளியே போயிருக்கிறது. லொறிக் கூலி, சம்பளம், பழைய சோனகத் தெருவில் காசுக்கு எடுத்த சரக்கு, வீட்டுச் செலவு, எல்லாம் அப்படித்தான். வியாபாரத்தில் இது வழமையான விடயம், குற்றமில்லை. ஆனால் வங்கி தன் கண்ணால் பார்ப்பது கணக்கில் விழும் வரவை மட்டும்தான். அதிலும் தன் மற்றக் கணக்கிலிருந்து மாற்றிய தொகை, போட்டுத் திரும்பி வந்த காசோலை ஆகியவற்றைக் கழித்துவிட்டுத்தான் எண்ணும். ஆகவே எந்த வழியைத் தெரிந்தாலும் மனுவுக்கு முந்திய ஐந்தாறு மாதமாவது அன்றன்றைய விற்பனைக் காசை முழுதாகக் கணக்கில் போட்டு, பிறகு அங்கிருந்து செலவு செய்வது நல்லது. இவருக்கு அந்த நேரம் இல்லாததால், காசுக்கு வாங்கிய சரக்கின் பில்களை மாதவாரியாக அடுக்கி, 708க்கும் 430க்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பக்கத்தில் விளக்கி வைத்தோம்.

அடுத்தது சரக்கு. முதலாளி சொன்ன 190 இலட்சம் கணினியில் இருந்த தொகை. ஒரு போயா நாளில் கடையைப் பூட்டி, இரண்டு பெடியன்களோடு நாங்கள் எண்ணினோம். தொகை கிட்டத்தட்டச் சரியாகத்தான் வந்தது. ஆனால் எண்ணும்போதே வேறு ஒரு விடயம் தெரிந்தது. பின்பக்க அறையில் பெயின்ற் தட்டின் அடி வரிசையில் நாலு லீற்றர் தகரங்கள் இருந்தன. மேல் தூசி விரலில் ஒட்டியது. ஒன்றைத் திறந்தால் மேலே தோல் கட்டியிருந்தது. கடும் பச்சையும் ஊதாவும். யாரும் கேட்காத நிறங்கள். அதற்குப் பக்கத்தில் பழைய மாதிரித் தண்ணீர்க் குழாய்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. சுவரோரமாக வைத்திருந்த சீமெந்து மூட்டைகளில் ஆறு ஓரங்களில் கட்டிபட்டிருந்தன. சீமெந்து மூன்று மாதத்துக்கு மேல் மூட்டையில் இருந்தாலே பலம் குறையத் தொடங்கிவிடும். ஈரச்சுவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒவ்வொரு பொருளையும் கடைசியாக எப்போது விற்றோம் என்று பார்த்து மூன்றாகப் பிரித்தோம். கடந்த 90 நாளுக்குள் விற்ற பொருட்கள் 118 இலட்சம். 90 முதல் 180 நாளுக்குள் ஒருமுறையாவது அசைந்தவை 30 இலட்சம். ஆறு மாதமாக அசையாதவை 42 இலட்சம். அந்த 42 கணக்கில் சரக்கு, கடையில் வெறும் இடம்பிடிக்கும் சாமான். வங்கிக்காரரும் அதைச் சரக்காக எடுக்கமாட்டார்.

வெளியே நிற்கும் கடனும் அப்படித்தான். கொந்தராத்துக்காரரும் பாஸ்மாரும் தர வேண்டியது 75 இலட்சம். அதில் 17 இலட்சம் 90 நாளைத் தாண்டியது. மற்றப் பக்கத்தில் சரக்குத் தந்தவர்களுக்கு இவர் கொடுக்க வேண்டியது 62 இலட்சம், பெரும்பாலும் பின் திகதியிட்ட காசோலைகளாக. முதலாளியின் கடிதத்தில் இந்த 62 பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேண்டுமென்று மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. காசோலை எழுதிக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்ற நினைப்பு நம் கடைக்காரர் பலருக்கும் உண்டு.

இந்தத் தொகைகளை வைத்து எவ்வளவு கடன் தாங்கும் என்று வங்கி பார்க்கும் முறை கடினமில்லை. அசையும் சரக்கை எடுக்கிறார்கள். அதில் இன்னும் காசு கொடுக்காமல் இருக்கும் சரக்கைக் கழிக்கிறார்கள், ஏனென்றால் அது கொடுத்தவருடைய காசில் நிற்கிறது. மீதியில் ஒரு பங்கு. அப்புறம் நல்ல கடனாளிகளில் ஒரு பங்கு. பங்கு எத்தனை என்பது வங்கிக்கு வங்கி மாறும். நாங்கள் சரக்குக்கு 60 சதவீதமும் கடனாளிகளுக்கு 50 சதவீதமும் எடுத்தோம்.

முதலாளி மனதில் போட்ட கணக்கு இப்படி: 190இல் 60 சதவீதம் 114, கடனாளிகள் 75இல் பாதி 37.5, ஆக மொத்தம் 151.5 இலட்சம். அதைப் பார்த்தால் 100 கேட்பது அடக்கமான வேண்டுகோள்தான்.

வங்கி போடும் கணக்கு வேறு. 118உம் 30உம் சேர்ந்து 148. அதில் 62 போனால் 86. அதன் 60 சதவீதம் 51.6. நல்ல கடனாளிகள் 58, அதில் பாதி 29. மொத்தம் 80.6 இலட்சம். அவ்வளவுதான். சரக்கின் மேல் நிற்கும் எல்லாக் கடனும் சேர்ந்து 80ஐத் தாண்டக் கூடாது.

"கட்டடம் ஈட்டில இருக்குதே" என்றார் அவர். உண்மை. கடைக் கட்டடம் ஏற்கெனவே அந்த வங்கிக்கு ஈடாக இருக்கிறது. ஆனால் கட்டடத்தை விற்றுக் கடனை அறவிட வேண்டும் என்று எந்த வங்கியும் கடன் கொடுப்பதில்லை. அது கடைசி வழி. கடனைக் கட்டப்போவது விற்பனை, அந்த விற்பனையாக மாறப்போவது சரக்கு. ஈடு போதுமா என்பது இரண்டாவது கேள்வி. தேவை எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி.

அந்தத் தேவையைக் கேட்டபோதுதான் விடயம் வெளிச்சமானது. கூடுதலாகக் கேட்கும் 60 இலட்சம் எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். நிறம் கலக்கும் இயந்திரமும் புதிய தட்டுகளும் வாங்க 20. சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னும், தீபாவளி தொடங்கி நத்தார் வரையும் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கும் காலத்தில் கூடுதல் சரக்கு எடுக்க 25. கொந்தராத்துக்காரருக்கு இன்னும் கொஞ்சம் கடன் கொடுக்க 15. இவை மூன்று வேறு வேறு சாதி. முதலாவது வாங்கினால் வருடக்கணக்கில் கடையில் நிற்கும். இரண்டாவது மூன்று நாலு மாதத்தில் விற்றுக் காசாகத் திரும்பும். மூன்றாவது எப்போது திரும்பும் என்பது கடைக்காரர் கையில் இல்லை.

கணக்கறிக்கையில் இன்னொன்றும் தெரிந்தது. எல்லை 40 இலட்சமாக இருக்கும் அந்த ஓடியில், கடந்த பன்னிரண்டு மாதத்தில் மிகக் குறைந்த பற்று 26 இலட்சம். மிகக் கூடியது 39.6. ஒரு நாள்கூடக் கணக்கு வரவுப் பக்கம் வரவில்லை, 26க்குக் கீழே இறங்கவும் இல்லை. அதாவது 40இல் ஏறி இறங்குவது 14 இலட்சம் மட்டும். மற்ற 26 உறைந்துவிட்டது. ஓடி என்று பெயர் இருந்தாலும் அது திருப்பிக் கட்டும் திகதி இல்லாத ஒரு நிரந்தரக் கடன். உங்கள் கணக்கில் இப்படி உறைந்தது எவ்வளவு என்று பார்க்க பெரிய படிப்பொன்றும் வேண்டாம். பன்னிரண்டு மாத அறிக்கையை எடுத்து ஒவ்வொரு மாதத்திலும் மிகக் குறைந்த பற்றை வட்டமிடுங்கள். அந்தப் பன்னிரண்டில் மிகச் சிறியதுதான் உறைந்த தொகை. வங்கியில் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

இனி வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வட்டி வீதம் ஒவ்வொருவருக்கும் மாறும். நாங்கள் கணக்குக்காக ஓடிக்கு 14 சதவீதமும் தவணைக் கடனுக்கும் லீசிங்குக்கும் 13 சதவீதமும் எடுத்தோம்.

முழுதும் ஓடியாக 100 எடுத்தால் வருட சராசரிப் பாவனை ஏறத்தாழ 78 இலட்சம் வரும். இப்போதைய சராசரி 33, இயந்திரத்துக்கு 20, கொந்தராத்துக் கடனுக்கு 15, பண்டிகைச் சரக்கு வருடம் முழுவதற்கும் பரவினால் 10. வட்டி மாதம் 91,000 ரூபா. தவணை கிடையாது. பார்க்க இலகுவாக இருக்கிறது, முதலாளிக்குப் பிடித்ததும் அதுதான். கடையின் மொத்த இலாபம் மாதம் 10 இலட்சம். சம்பளம், மின்சாரம், வருமான வரிக்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்துச் செலவு 6.2 இலட்சம். வீட்டுக்கு எடுப்பது 2 இலட்சம். வட்டி போனால் மீதி 89,000.

எனக்குப் பயம் அந்த 89,000இல் இல்லை. ஓடி வட்டி சந்தையோடு ஏறி இறங்குவது. மத்திய வங்கி கிழமைதோறும் வெளியிடும் முதன்மைக் கடன் வட்டி வீதத்தின் மேல் ஒரு தொகையைக் கூட்டித்தான் பெரும்பாலும் அது நிர்ணயமாகும். 2021 கடைசியில் 9 சதவீதத்துக்குக் கீழே இருந்த அந்த வீதம், 2022 கடைசியில் 27ஐத் தாண்டியது. அந்த வருடம் ஏப்ரலில் ஒரே நாளில் கொள்கை வட்டி 7 சதவீதப் புள்ளி ஏறியதைப் புறக்கோட்டையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 78 இலட்சத்தின் மேல் 10 புள்ளி ஏறினால் மாதம் 65,000 கூடும். 89,000இல் 24,000தான் மிஞ்சும். அதோடு ஓடி என்பது வங்கி கேட்ட உடனே கட்ட வேண்டிய கடன், வருடத்துக்கொருமுறை புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்கும் நேரத்தில் எல்லையைக் குறைத்தால் இயந்திரத்தைக் கழற்றியா கொடுப்பது? எனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடைக்காரர் கடைத்திருத்த வேலை முழுவதையும் ஓடியில் செய்தார். அடுத்த புதுப்பிப்பில் எல்லை குறைந்தது. கொடுத்திருந்த காசோலைகள் இரண்டு திரும்பின. அதற்குப் பிறகு, இருபது வருடப் பழக்கமுள்ள மொத்த வியாபாரிகூட அவரிடம் காசை எண்ணி வாங்கிக்கொண்டுதான் பொதியைக் கொடுத்தார். அந்த மனுசன் கடையில் தனியே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுத அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வழி, பிரிப்பது. உறைந்த 26இல் 25 இலட்சத்தை ஐந்து வருடத் தவணைக் கடனாக மாற்றுவது. இயந்திரத்துக்கும் தட்டுகளுக்கும் 20 இலட்சத்தை ஐந்து வருட லீசிங்கில் எடுப்பது. தவணைக் கடன் விழுந்த அன்றே ஓடி 25 இலட்சத்தால் இறங்கும். இப்போது 40 எல்லைக்குள்ளேயே மூச்சு விட இடம் வந்துவிடுகிறது. வழமையான ஏற்ற இறக்கம் 14உம் பண்டிகைச் சரக்கு 25உம் சேர்ந்தாலும் 39தான். ஆனால் 40க்கு 39 என்பது கழுத்துமட்டத் தண்ணீர். ஒரு கொந்தராத்துக்காரர் பத்து நாள் பிந்தினாலே காசோலை திரும்பும். அதனால் ஓடியை 50ஆக உயர்த்தக் கேட்கலாம் என்று முடிவெடுத்தோம். உச்சத்தில் தவணைக் கடன் 25உம் ஓடி 50உம், மொத்தம் 75. சரக்கு தாங்கும் 80.6க்குள் அடங்குகிறது. லீசிங் இயந்திரத்தின் மேல் நிற்பதால் அந்தக் கணக்குக்குள் வராது.

மாதம் கட்டும் தொகை கூடும், அதை ஒளிக்கக் கூடாது. 45 இலட்சத்துக்கு 13 சதவீதத்தில் 60 மாதத் தவணை ஏறத்தாழ 1,02,400 ரூபா. ஓடியின் சராசரிப் பாவனை 18 இலட்சமாகக் குறைவதால் அதன் வட்டி 21,000. மொத்தம் 1,23,400. மீதி 56,600. முதல் வழியைவிட மாதம் 32,400 கையில் குறைவு. முதலில் நான்கு வருடத் தவணையைத்தான் போட்டுப் பார்த்தேன். அதில் தவணையே 1,20,700 வந்தது, மீதி 39,000க்கும் கீழே போனது. ஒரு மழைக்கால மாதம் விற்பனை விழுந்தால் அது போதாது, எனவே ஐந்து வருடம். ஆனால் இந்தத் தவணை ஐந்து வருடத்தில் முடிகிறது, 45 இலட்சம் கடன் இல்லாமல் போகிறது. முதல் வழியில் 91,000ஐ எத்தனை வருடம் கட்டினாலும் முதல் அப்படியே நிற்கும். தவணைக் கடனுக்கு நிலையான வட்டி கிடைத்தால், 10 புள்ளி ஏறினாலும் கூடுவது ஓடியின் பங்கில் மாதம் 15,000 மட்டும். இதில் ஒரு எச்சரிக்கை. தவணைக் கடன் என்றாலே நிலையான வட்டி என்று அர்த்தமில்லை. சலுகைக் கடிதத்தில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஈட்டுமுறிச் செலவிலும் வித்தியாசம் உண்டு. இப்போதுள்ள முறி 40 இலட்சத்துக்கு எழுதியது. முதல் வழிக்கு இன்னும் 60 இலட்சத்துக்கு மேலதிக முறி எழுத வேண்டும். இரண்டாவதற்கு 35 போதும். முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசு கூலியும் அந்தத் தொகையின் மேல்தான் வரும்.

கவனித்திருப்பீர்கள், கொந்தராத்துக்காரருக்கான 15 இலட்சத்தை இரண்டாவது வழியில் நான் சேர்க்கவில்லை. முதலாளியோடு நீண்ட நேரம் வாதாடியது இந்த இடத்தில்தான். 90 நாளைத் தாண்டிய 17 இலட்சம் வெளியே நிற்கும்போது, இன்னொரு 15ஐ வட்டிக்கு வாங்கி அதே ஆட்களுக்குக் கடன் கொடுப்பதற்கு வங்கி காசு தரக்கூடாது, அவரும் கேட்கக் கூடாது. வட்டியைக் கட்டுவது அவர், காசைச் சும்மா வைத்திருப்பது மற்றவர். முதலில் அந்த 17ஐச் சேர்க்கட்டும். ஐந்து பேர்தான் அதில் முக்கால்வாசியைத் தர வேண்டியவர்கள். "அவையள் பழைய வாடிக்கையாளர், முகம் முறிக்கேலாது" என்றார். முகம் முறிக்கத் தேவையில்லை, பழைய பில்லில் பாதி தந்தால்தான் புதுச் சரக்கு என்று சொன்னால் போதும் என்றேன். சேர்ந்த அளவுக்குப் புதிதாகக் கடன் கொடுக்கட்டும்.

மூன்றாவது வழியை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. எல்லையைக் கூட்டாமல் பண்டிகைக்கு மட்டும் தற்காலிக ஓடி கேட்பது, ஏற்ற இறக்கம் நன்றாக உள்ள கணக்குக்குப் பொருத்தமான வழி. சீசன் முடிந்ததும் கணக்கு வரவுப் பக்கம் வந்துபோகும் கடை என்றால் அதைத்தான் நான் சொல்லுவேன். ஆனால் இவருடைய கணக்கில் 26 உறைந்திருக்கும்வரை, தற்காலிகத் தொகையும் போய் அந்த உறைவோடு சேர்ந்துகொள்ளும். ஏப்ரல் கடைசியில் திருப்பிக் கட்ட முடியாமல் நீட்டித் தரக் கேட்க வேண்டி வரும். எல்லைக்கு மேல் நிற்கும் தொகைக்குத் தண்ட வட்டியும் ஓடும்.

சரக்குக் கொடுப்பவரின் கடனும் இலவசம் என்று நினைக்க வேண்டாம். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இவருக்குக் குழாய் தரும் மொத்த வியாபாரி 45 நாள் கடன் தருகிறார். காசுக்கு எடுத்தால் 3 சதவீதம் கழிவு. 10 இலட்சம் பில்லில் கழிவு 30,000. 9.7 இலட்சத்தை ஓடியில் எடுத்துக் காசாகக் கொடுத்தால் 45 நாளுக்கு வட்டி 16,700. அதாவது கடனுக்கு எடுக்கும் ஒவ்வொரு முறையும் 13,300 ரூபாவை விட்டுக்கொடுக்கிறார். வருட வட்டியாக மாற்றினால் அந்த 45 நாள் கடனின் விலை 25 சதவீதம். ஆகக் கழிவு தருபவரிடம் காசுக்கு, கழிவு தராதவரிடம் கடனுக்கு. ஓடியில் நாங்கள் வைத்த 10 இலட்ச இடைவெளி, சீசன் இல்லாத மாதங்களில் இதற்கு நன்றாகப் பயன்படும். வீட்டு நகையை அடகு வைப்பதும் மீட்டர் வட்டிக்கு எடுப்பதும் பேச்சில் வந்தது. வராமல் இருக்குமா? நகை ஒரு அவசரத்துக்குச் சரி, கடையை நடத்துவதற்கு இல்லை. மீட்டர் வட்டியைப் பற்றி நாங்கள் கணக்கே போடவில்லை.

கடைசியில் முதலாளி இரண்டாவது வழிக்குச் சம்மதித்தார். மனதை மாற்றியது வட்டிக் கணக்கு அல்ல. கூட்டிப் பாருங்கள் என்றேன்: ஓடி 50, தவணை 25, லீசிங் 20. வங்கி தருவது மொத்தம் 95 இலட்சம். அவர் கேட்க நினைத்த 100க்கு ஐந்துதான் குறைவு. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் திருப்பிக் கட்டும் வழி இருக்கிறது.

மனுவை நாலு பக்கத்தில் முடித்தோம். முதல் பக்கத்தில் எவ்வளவு, எதற்கு, எதிலிருந்து கட்டுவது. இரண்டாவதில் மாதவாரி விற்பனை, வற் அறிக்கைத் தொகை, வங்கி வரவு மூன்றும் பக்கத்துப் பக்கத்து நிரல்களில். மூன்றாவதில் திகதியிட்ட சரக்கு அறிக்கை, அசையும் வேகப்படி பிரித்தது. நாலாவதில் தர வேண்டியவர்களும் கொடுக்க வேண்டியவர்களும் நாள்வாரியாக, கொடுத்த பின் திகதிக் காசோலைகள் உட்பட. பின்னால் மூன்று வருடக் கணக்குகள், வர்த்தகப் பதிவு, பன்னிரண்டு மாத வங்கி அறிக்கைகள், இயந்திரத்தின் விலைக்கோரல். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை அவரே முன்கூட்டி எடுத்துப் பார்த்தார். என்றோ கட்டி முடித்த ஒரு லீசிங் இன்னும் திறந்தே காட்டியது, அதைத் திருத்தி எழுதுவித்தோம். இதை மனுப் போட்ட பிறகு வங்கி சொல்லித் தெரிந்துகொள்வது நல்லதில்லை.

அசையாத 42 இலட்சத்தைப் பற்றியும் மூன்றாம் பக்கத்தில் எழுதினோம். முதலாளிக்கு அதில் விருப்பம் இல்லை, நம் குறையை நாமே எழுதிக் கொடுப்பதா என்று கேட்டார். கட்டாயம் எழுத வேண்டும் என்று நின்றேன். அதற்குக் கீழே என்ன செய்யப்போகிறோம் என்றும் எழுதினோம்: பழைய குழாய்களை வாங்கிய விலைக்கு பாஸ்மாருக்குத் தள்ளுவது, கெட்ட பெயின்றையும் சீமெந்தையும் கணக்கிலிருந்தே கழிப்பது, மூன்று மாதத்துக்கொருமுறை புது அறிக்கை கொடுப்பது.

இரண்டு கிழமை கழித்துக் கிளையிலிருந்து கடன் உத்தியோகத்தர் ஒருவர் கடைக்கு வந்தார், இளம் பெண். மூன்றாம் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரே பின்பக்க அறைக்குப் போய் அடி வரிசையைக் குனிந்து பார்த்தார்.

"இதுதானா முதலாளி அந்த நாற்பத்திரண்டு?"

"இதில கொஞ்சம் மிஸ். குழாய்ப் பெட்டி அங்கால கிடக்குது, வாங்கோ காட்டுறன்" என்று முதலாளி முன்னே நடந்தார்.